மழை நாட்களின் கணக்கு: ஒப்பந்தக்காரர் கேட்கும் கூடுதல் அவகாசமும் அதற்கான சைட் பதிவுகளும்

கட்டுமான ஒப்பந்தம் எதுவானாலும் பணியை முடித்து ஒப்படைக்க வேண்டிய தேதி அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தேதி கடந்தால் ஒவ்வொரு நாளுக்கும் அல்லது மாதத்துக்கும் இவ்வளவு என்று ஒப்பந்தக்காரரின் பில்லில் தாமத இழப்பீடு பிடிக்கப்படும். இந்தியாவில் பெரும்பாலான அரசு ஒப்பந்தங்கள் இந்தப் பிடித்தத்துக்கு ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பை வைத்திருக்கின்றன. கட்டுமானத் தொழிலில் கிடைக்கும் லாபமே பல நேரங்களில் அந்த அளவுக்குள்தான் இருக்கும். எனவே தாமதத்துக்கு மழை காரணமாக இருந்தால், முடிப்புத் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி ஒப்பந்தக்காரர் எழுத்தில் கேட்கிறார். இதற்குக் கால நீட்டிப்பு என்று பெயர்.

மழை பெய்தது எல்லோருக்கும் தெரியும் என்பதால் நீட்டிப்பு தானாக வந்துவிடாது. கோரிக்கை மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். பெய்த மழை அந்த ஊருக்கு அந்த மாதத்தில் எதிர்பார்க்கக்கூடிய அளவைத் தாண்டியிருக்க வேண்டும். அது குறிப்பிட்ட வேலைகளை நிறுத்தியிருக்க வேண்டும். அந்த வேலைகள் நின்றதால் கட்டடம் முடியும் தேதியே தள்ளிப்போயிருக்க வேண்டும். இவற்றில் முதலாவதை வானிலைத் துறையின் புள்ளிவிவரம் காட்டிவிடும். மற்ற இரண்டையும் காட்டக்கூடியது அன்றன்று தேதியிட்டு எழுதப்பட்ட சைட் பதிவு மட்டுமே.

ஒப்பந்தம் சொல்வது என்ன?

மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது நிபந்தனைகளில் 5ஆம் பிரிவு கால நீட்டிப்பைப் பற்றியது. நீட்டிப்புக்குரிய காரணங்களில் ஒன்றாக அது இயல்புக்கு மீறிய மோசமான வானிலையைச் சொல்கிறது. தாமதத்துக்குக் காரணமான நிகழ்வு நடந்த 14 நாட்களுக்குள், அதற்கென உள்ள படிவத்தில் எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பெரிய உள்கட்டமைப்புப் பணிகளில் பரவலாகப் பயன்படும் ஃபிடிக் ஒப்பந்தங்கள் இன்னும் கறாரானவை. அவற்றில் 28 நாட்களுக்குள் அறிவிப்பு தர வேண்டும். அதன் பிறகு விவரமான கோரிக்கையை அனுப்ப 1999ஆம் ஆண்டுப் பதிப்பு 42 நாட்களும் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு 84 நாட்களும் தருகின்றன. இந்த நாட்கள், நிகழ்வு ஒப்பந்தக்காரருக்குத் தெரிந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணப்படுகின்றன.

ஃபிடிக்கில் அறிவிப்புக் கெடு தவறினால் கோரும் உரிமையே போய்விடும். உரிமையை இப்படிக் கெடு வைத்துப் பறிக்கும் நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவின் முன் செல்லுமா என்ற வாதம் வழக்குகளில் எழுவதுண்டு. ஆனால் அந்த வாதத்தை நம்பி யாரும் கடிதத்தைத் தள்ளிப்போடுவதில்லை. கெடுவுக்குள் அனுப்பிய ஒரு பக்கக் கடிதம் அந்த வழக்கையே தேவையற்றதாக்கிவிடும்.

‘இயல்புக்கு மீறிய’ என்ற சொல்லில்தான் பெரும்பாலான கோரிக்கைகள் சிக்குகின்றன. சென்னையில் நவம்பர் மாதம் மழை பெய்வது அதிசயமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பது டெண்டர் போடும்போதே தெரியும். அந்த மாதங்களில் வழக்கமாகப் போகும் நாட்களைத் தம் வேலைத் திட்டத்தில் ஒப்பந்தக்காரரே ஒதுக்கிவைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் போனவற்றை மட்டுமே அவர் கேட்க முடியும். 2015 நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. வழக்கமான நவம்பர் மழை அதில் பாதியைக்கூட எட்டாது. அப்படிப்பட்ட மாதத்தில் வாதத்துக்கு இடமில்லை. சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகப் பெய்த மாதத்தில்தான் இழுபறி வரும்.

பிரிட்டனில் உருவான என்.இ.சி. ஒப்பந்தம் இந்த இழுபறியைக் கணக்கால் தீர்க்கப் பார்க்கிறது. ஒப்பந்தத்தில் பெயர் குறிக்கப்பட்ட வானிலை நிலையத்தின் மாத அளவீட்டை எடுத்துக்கொண்டு, சராசரியாகப் பத்தாண்டுகளில் ஒரு முறைக்கும் குறைவாகவே நிகழக்கூடிய அளவாக அது இருந்தால் மட்டும் ஒப்பந்தக்காரருக்கு நிவாரணம் தருகிறது. இந்திய அரசு ஒப்பந்தங்களில் பொதுவாக இப்படி ஒரு எண் இருப்பதில்லை. எது இயல்பு என்பதை முந்தைய ஆண்டுகளின் பதிவுகளைக் காட்டி ஒப்பந்தக்காரர்தான் நிறுவ வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். மழைக்காகக் கிடைப்பது அவகாசம் மட்டுமே, பணம் கிடைப்பதில்லை. வேலையின்றி நின்ற ஆட்களின் கூலி, வாடகைக்கு எடுத்த ஜேசிபி, கூடுதலாக ஓடிய பம்புக்கான டீசல் ஆகியவை ஒப்பந்தக்காரரின் செலவுதான். இயற்கையால் வந்த இழப்பை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளும் முறை இது. ஒருவர் தாமதத்தைப் பொறுத்துக்கொள்கிறார், மற்றவர் செலவைச் சுமக்கிறார். நீட்டிப்பால் ஒப்பந்தக்காரருக்குக் கிடைக்கும் நன்மை, தாமத இழப்பீட்டிலிருந்து தப்புவதே.

முதல் கடிதம்

மழை ஓயட்டும், மொத்தக் கணக்கையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று காத்திருப்பது இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. முதல் கடிதத்துக்குக் கணக்கு தேவையில்லை. நிகழ்வு தொடங்கிவிட்டது, வேலை பாதிக்கப்படுகிறது, அவகாசம் கேட்கப்போகிறோம் என்ற தகவலைக் கெடுவுக்குள் சேர்ப்பதே அதன் வேலை. சென்னைக்குத் தெற்கே, ஏரியை ஒட்டிய களிமண் நிலத்தில் எழும் நான்கு மாடி அலுவலகக் கட்டடத்தை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்ளலாம். நவம்பர் 3ஆம் தேதி அங்கே மழை பிடிக்கிறது. 9ஆம் தேதியிட்ட கடிதம் இப்படி இருக்கலாம்:

“பொருள்: தொடர் மழையால் அடித்தளப் பணி தடைப்படுதல் – கால நீட்டிப்பு கோரும் அறிவிப்பு. ஐயா, ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவின்படி இந்த அறிவிப்பு தரப்படுகிறது. நவம்பர் 3 முதல் பெய்துவரும் மழையால் பி, சி வரிசைக் குழிகளில் தண்ணீர் தேங்கி, கம்பி கட்டும் வேலையும் கான்கிரீட் வேலையும் நின்றுள்ளன. இவை முடியாமல் தரைமட்ட பீம், தூண் வேலைகளைத் தொடங்க இயலாது. மழை நீடிப்பதால் இழந்த நாட்களின் மொத்தத்தை இப்போது தர இயலவில்லை. மழை ஓய்ந்ததும் விவரமான கோரிக்கை அனுப்பப்படும். நவம்பர் 3 முதல் 8 வரையிலான சைட் டைரி நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன.”

இதில் ஒப்பந்தப் பிரிவின் எண் இருக்கிறது. மழை தொடங்கிய தேதி, நின்ற வேலை, அதை நம்பி நிற்கும் அடுத்த வேலை, கணக்கு பின்னால் வரும் என்ற அறிவிப்பு ஆகியவையும் இருக்கின்றன. ‘கனமழை காரணமாகப் பணிகள் மந்தமாக நடைபெறுகின்றன’ என்ற ஒற்றை வரி மாதாந்திர முன்னேற்ற அறிக்கையில் இருந்தால் அது அறிவிப்பாகாது. சைட்டுக்கு வந்த பொறியாளரிடம் வாயால் சொன்னதும் ஆகாது. கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்றும் ஒப்பந்தம் சொல்லும். அரசுப் பணியில் அது பெரும்பாலும் செயற்பொறியாளராக இருப்பார். அவர் அலுவலகத் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் விழுந்த நகலே கெடுவுக்குள் அனுப்பியதற்கான சான்று.

அன்றன்று எழுதும் டைரி

கோரிக்கையின் பலம் சைட் டைரியில்தான் இருக்கிறது. ‘மழை, வேலை இல்லை’ என்ற இரண்டு சொற்கள் எதையும் நிரூபிக்காது. அதே சைட்டில் நவம்பர் 10ஆம் தேதி எழுதப்படும் உபயோகமான குறிப்பு ஒன்று:

“நவம்பர் 10, புதன். காலை 8 மணிக்கு வேலை தொடக்கம், வெயில். பி-4, பி-5, பி-6 குழிகளில் கம்பி கட்டும் வேலை. கம்பி கட்டுபவர் 6, கொத்தனார் 2, ஹெல்பர் 11. பிற்பகல் 1.40க்கு மழை. 2 மணிக்கு வேலை நிறுத்தம். மழை 4.50 வரை. மூன்று குழிகளிலும் சுமார் 60 செ.மீ. தண்ணீர். 5 எச்.பி. பம்ப் ஒன்று, மாலை 5.15 முதல் 7.30 வரை. சி-2 குழியின் கிழக்குக் கரை சரிவு. நாளைக்குச் சொல்லியிருந்த ரெடிமிக்ஸ் ரத்து.”

எத்தனை மணிக்கு மழை பிடித்தது, எந்தக் குழியில் எத்தனை பேர் எந்த வேலையில் இருந்தார்கள், எப்போது நிறுத்தினார்கள், மழை விட்ட பிறகு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் இதில் தெரிகின்றன. பாதி நாள் வேலை நடந்ததை இது மறைக்கவில்லை. சி-2 குழியின் கரை சரிந்ததை எழுதியிருப்பதால், மறுநாள் வெயிலடித்தும் அங்கே ஏன் வேலை நடக்கவில்லை என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. களிமண் நிலத்தில் மழையின் பாதிப்பு மழையோடு முடிவதில்லை. தண்ணீரை இறைத்து, சேற்றை வாரி, கெட்டியான மண் தெரியும்வரை அடிமட்டத்தைச் சுத்தம் செய்த பிறகே பி.சி.சி. போட முடியும். இந்த நாட்களையும் கோரலாம். ஆனால் வானிலைத் துறைக் கணக்கில் அவை மழை இல்லாத நாட்கள். டைரியைத் தவிர அவற்றுக்கு வேறு ஆதாரம் கிடையாது.

டைரியோடு தடைப் பதிவேடும் உண்டு. சைட் ஆட்கள் இதை ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர் என்பார்கள். தடை தொடங்கிய தேதி, நீங்கிய தேதி, தடையின் தன்மை, பாதித்த வேலை ஆகியவற்றை எழுதி, ஒப்பந்தக்காரர் தரப்பும் துறைப் பொறியாளரும் கையெழுத்திடுவார்கள். ஒப்பந்தக்காரரின் டைரி ஒரு தரப்புச் சாட்சி. இரு தரப்பும் கையெழுத்திட்ட இந்தப் பதிவேட்டைப் பின்னால் மறுப்பது கடினம். இளநிலைப் பொறியாளர் கையெழுத்திடத் தயங்கினால், அந்த வாரப் பதிவின் நகலைக் கடிதத்தோடு அவருக்கே அனுப்பிவைப்பது வழக்கம். மறுப்பு வராமல் நாட்கள் கடந்தால் அதுவும் ஒரு பதிவாகிவிடும்.

படங்கள் தேதியோடு இருந்தால் மட்டும் போதாது. எந்தக் குழி என்று தெரிய வேண்டும். தண்ணீர் நிற்கும் குழிப் படம் எந்த ஊரின் எந்தக் குழியாகவும் இருக்கலாம். ‘பி-5’ என்று எழுதிய பலகையும் தண்ணீரின் ஆழத்தைக் காட்டும் அளவுக்கோலும் படத்துக்குள் இருந்தால் அந்தச் சந்தேகம் எழாது.

காலை 8.30 மணிக் கணக்கு

சைட் டைரியையும் வானிலைத் துறையின் மழைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். இந்திய வானிலைத் துறை ஒரு நாளின் மழையைக் காலை 8.30 மணிக்கு அளக்கிறது. முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்ததை, அளவெடுத்த நாளின் தேதியில் எழுதுகிறது. அதனால் 10ஆம் தேதி பிற்பகல் சைட்டை மூழ்கடித்த மழை, பட்டியலில் 11ஆம் தேதிக்கு நேராக இருக்கும். 10ஆம் தேதிக்கு நேராகப் பூஜ்யமாகக்கூட இருக்கலாம்.

இது தெரியாத அதிகாரி, 10ஆம் தேதி மழையே இல்லை, டைரி பொய் என்று குறித்துவிடுவார். இது தெரியாத ஒப்பந்தக்காரர், டைரியை வானிலைப் பட்டியலோடு ‘பொருத்த’ தேதியைத் திருத்தி, உண்மையான பதிவைத் தாமே கெடுத்துக்கொள்வார். இரண்டையும் தவிர்க்க, விவரமான கோரிக்கையோடு இணைக்கும் அட்டவணையில் டைரித் தேதி, மழை பெய்த நேரம், வானிலைத் துறைத் தேதி, அளவு என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்க வேண்டும். 8.30 மணி விதியையும் கீழே ஒரு வரியில் விளக்கிவிட வேண்டும்.

இடமும் வேறுபடும். சென்னையிலேயே நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் ஒரே நாளில் பெரிதும் மாறுபட்ட அளவுகள் பதிவாவது சாதாரணம். எனவே சைட்டுக்கு மிக அருகில் உள்ள நிலையத்தின் சான்றளிக்கப்பட்ட பதிவை எடுக்க வேண்டும். சைட்டில் ஒரு மழைமானி வைத்து, அதையும் தினமும் 8.30க்கே அளந்துவந்தால் ஒப்பிடுவது எளிதாகும். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளை வானிலைத் துறை மழை நாள் என்று எண்ணுகிறது. அந்த அளவு மழை அடித்தள வேலையைப் பெரும்பாலும் நிறுத்தாது. மழை நாட்களின் எண்ணிக்கையை அப்படியே இழந்த நாட்களாகக் கேட்கும் கோரிக்கை இங்கேதான் தோற்கிறது.

நாட்களை எண்ணும் விதம்

அந்த அலுவலகக் கட்டடத்தின் நவம்பர் கணக்கு எப்படி முடிகிறது என்று பார்க்கலாம். நான்கு ஞாயிறுகள் போக 26 வேலை நாட்கள். ஒப்பந்தக்காரர் தம் திட்டத்தில் அந்த மாத மழைக்கென 8 நாட்களை ஏற்கெனவே ஒதுக்கியிருந்தார். வானிலைப் பட்டியலில் 17 மழை நாட்கள் இருந்ததால், முதல் வரைவில் 17 நாட்களைக் கேட்க நினைத்தார். டைரியிலிருந்து எண்ணியபோது படம் மாறியது.

22ஆம் தேதி வரையில் மழையால் முழுதாக நின்ற வேலை நாட்கள் 13. பாதி நாள் வேலை நடந்தவை 4. 10ஆம் தேதி அவற்றில் ஒன்று. 23 முதல் 27 வரை மழை இல்லை. ஆனால் அந்த 5 நாட்களும் தண்ணீர் இறைத்ததில் போயின என்பது ஒப்பந்தக்காரரின் கூற்று. ஆக முழு நாட்கள் 18, அரை நாட்கள் சேர்ந்து 2, மொத்தம் 20.

துறைப் பொறியாளர் பம்ப் ஓடிய நேரக் குறிப்பையும் டீசல் கணக்கையும் கேட்டார். பம்ப் 24ஆம் தேதி மாலையோடு நின்றுவிட்டிருந்தது. 25, 26, 27 தேதிகளில் ஆட்கள் வந்திருந்தும் குழியில் வேலை நடக்கவில்லை. கம்பி லோடு வந்ததற்கான சலானில் 27ஆம் தேதி மாலை என்று இருந்தது. அந்த மூன்று நாட்களும் தண்ணீரால் போகவில்லை, கம்பி வராததால் போயின. கம்பியை நேரத்தில் கொண்டுவருவது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. எனவே 20இல் 3 கழிந்து 17. திட்டத்திலேயே ஒதுக்கியிருந்த 8ஐயும் கழித்தால் 9. நியாயமான கோரிக்கை 9 நாட்களே. முதல் வரைவில் இருந்த 17 எண்ணிக்கையில் இதோடு ஒத்துப்போனது தற்செயல். அது மழை நாட்களை எண்ணியது, இது ஒதுக்கீட்டைக் கழிப்பதற்கு முன் இழந்த வேலையை எண்ணியது.

கடைசியாக ஒரு சோதனை இருக்கிறது. இந்த 9 நாட்கள் கட்டடம் முடியும் தேதியைத் தள்ளுகின்றனவா? ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டிய, இடையில் ஓய்வு நாள் இல்லாத வேலைகளின் வரிசையைப் பொறியாளர்கள் கிரிட்டிக்கல் பாத் என்கிறார்கள். அடித்தளம், தரைமட்ட பீம், தூண், தளம் என்று போகும் வரிசையில் முதலாவது நின்றால் எல்லாமே தள்ளும். அதே மழையில் சுற்றுச்சுவர் வேலையும் 15 நாட்கள் நின்றிருக்கலாம். ஆனால் சுற்றுச்சுவரைக் கட்டடம் முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் கட்டலாம் என்றால், அதற்காக ஒரு நாள்கூடக் கிடைக்காது. மாறாக, அந்த மாதம் வேலை மூன்றாவது தளத்துக்குள் பூச்சு, டைல்ஸ் என்று நடந்திருந்தால், இதே மழை முடிப்புத் தேதியை அசைத்திருக்காது. இதைக் காட்டப் பழைய பார் சார்ட்டையும், மழைக்குப் பின் திருத்திய பார் சார்ட்டையும் சேர்த்து இணைப்பது வழக்கம்.

கோரிக்கை எங்கே உடைகிறது?

பதிவுகள் ஒன்றையொன்று சரிபார்க்கும் என்பதை மறந்தால் கோரிக்கை உடையும். டைரியில் முழு நாள் மழை என்று எழுதிய தேதியில் கான்கிரீட் கியூப் பதிவேட்டில் மாதிரி எடுத்ததாக இருந்தால், அன்று எங்கோ கான்கிரீட் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். ரெடிமிக்ஸ் சலான், அளவுப் புத்தகம், ஆட்களின் வருகைப் பட்டியல், பாதுகாவலரின் கேட் பதிவு எல்லாவற்றிலும் தேதி உண்டு. ஒரே ஒரு நாள் முரண்பட்டாலும் மற்ற நாட்களின் மேலும் சந்தேகம் விழும்.

மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதிய டைரியும் எளிதில் தெரிந்துவிடும். முப்பது நாட்களும் ஒரே மை, ஒரே ஓட்டத்தில் எழுத்து, மழை தொடங்கிய நேரம் எல்லா நாளும் முழு மணியாக 2, 3 என்று வட்டமாக இருக்கும். வாரந்தோறும் நகல் அனுப்பிய டைரிக்கு இந்தச் சந்தேகம் வராது. பின்னால் மாற்ற வழியில்லாதபடி ஒரு பிரதி எதிர்த்தரப்பிடமே இருக்கிறது.

ஒப்பந்தக்காரர் நஷ்டத்தைக் குறைக்க என்ன செய்தார் என்பதும் பார்க்கப்படும். பம்ப் ஓட்டினாரா, மழைநீர் குழிக்குள் வராமல் சுற்றிலும் வரப்பு போட்டாரா, கம்பி வளைக்கும் வேலையைக் கூரைக்கடியில் தொடர்ந்தாரா என்ற கேள்விகள் வரும். இவற்றுக்கும் டைரியே பதில் சொல்லும். ஒன்றும் செய்யாமல் காத்திருந்த நாட்களைப் பொறியாளர் குறைத்துவிடலாம்.

முடிவு வரும்போது அதன் வாசகத்தையும் படிக்க வேண்டும். அரசுத் துறைகள் பல நேரங்களில், தாமத இழப்பீடு விதிக்கும் உரிமையை ஒதுக்கிவைத்துக்கொண்டு தற்காலிகமாக நீட்டிப்பு தருகின்றன. வேலையைத் தொடர அது போதும். ஆனால் இழப்பீட்டிலிருந்து அது விடுதலை தருவதில்லை. இறுதி பில்லுக்கு முன் அந்த 9 நாட்கள் இழப்பீடின்றி ஏற்கப்பட்டதா என்று எழுத்தில் உறுதி பெற வேண்டும். அதுவரை டைரி, தடைப் பதிவேடு, சலான்கள், பம்ப் குறிப்பு, முத்திரையிட்ட கடித நகல் ஆகிய எல்லாம் ஒரே கோப்பில் பத்திரமாக இருந்தாக வேண்டும்.